கொர்னேலியஸ் விழுங்கிய இருமல்

இருமல் வந்தால் கொர்னேலியஸ் உதட்டை இறுக்கி, கன்னம் உப்ப, எச்சிலை இரண்டு முறை விழுங்குவார். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த நாளில் ஒட்டிக்கொண்ட பழக்கம். மருத்துவச் சோதனையில் இருமினால் கீழே இறங்கும் வேலை போய்விடும் என்ற பயம் அப்போது. எழுபது வயதில், வயிற்று ஆபரேஷனுக்கு மறுநாளும் அப்படியே விழுங்கினார். சளி நெஞ்சில் தேங்கிக் காய்ச்சல் ஏறியது.

“இருமுங்க அங்கிள், இல்லாட்டி நிமோனியா ஆயிடும்,” என்று நர்ஸ் பியூலா, இருமும்போது வலி குறைய, தையல்மேல் தலையணையை வைத்து அழுத்தினாள்.

“மாட்டேன். இன்னா பண்ணுவ?”

“மைன் மூடி இருபது வருசம் தாண்டிப்போச்சு. இன்னும் யாருக்கு ஒளிக்கிறீங்க?”

அவருக்குச் சுருக்கென்றது. “எவனுக்கும் இல்ல! கேட்டுக்கோ!”

“முதல்ல மூச்ச நல்லா இழுங்க. நுரையீரல் விரிஞ்சா, இழுத்தது போதும்னு அதுவே மூளைக்குச் சொல்லும், அப்ப இருமுங்க. வலிக்குப் பயந்து நடுவுல நிறுத்தாதீங்க.”

இழுத்தார். தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறந்தது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி வெடித்தது இருமல். சளியைத் துப்பிவிட்டு, “இன்னொண்ணு வேணுமா?” என்று அதட்டினார்.

பார்க்க வந்த பழைய கூட்டாளி சம்பங்கி சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது: அந்தக் காலத்தில் துண்டைக் கடித்துக்கொண்டு கொர்னேலியஸ் வீட்டில் இருமியது, சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த ஸ்கெலட்டன் லைன் முழுக்கக் கேட்குமாம். ஒருத்தரும் சுரங்க டாக்டரிடம் வாய் திறக்கவில்லை.