புரியாத பொம்பளை

எங்கள் மேனேஜரிடம் ஒரு வாசகம் உண்டு. "பாத்துப் பண்ணுங்க." தீவன லாரி வந்தாலும் பாத்துப் பண்ணுங்க, கரண்ட் போனாலும் பாத்துப் பண்ணுங்க. எதைப் பார்த்து எதைப் பண்ணுவது என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். காரியம் நன்றாக முடிந்தால் அவர் சொல்லி நடந்தது. கெட்டுப்போனால், "நான் அப்பிடிச் சொன்னனா?" என்பார். பொய் என்று சொல்ல முடியாது. அவர்தான் எப்படி என்றே சொல்லவில்லையே.

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் நான் சூப்பர்வைசர். இரண்டு ஷெட் என் பொறுப்பு. என் கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது தவறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதன் பிறகு அவரால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. சொந்த ஊரில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பண்ணைக்குள்ளேயே கொடுத்த ஓட்டு வீட்டில் குடியேறினோம். வேலை போனால் வீடும் போகும். இதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் எப்படிப் போனார் என்பதையும் மறந்ததில்லை. போன கோடையில் அவரிடம் மேனேஜர், "தண்ணிய நிறுத்திப்போட்டு வேக்சின் குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். தடுப்பு மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் தண்ணீரை நிறுத்துவது வழக்கம். தாகம் எடுத்தால்தான் எல்லாக் கோழியும் மளமளவென்று குடிக்கும். அவர் காலைப் பத்து மணிக்கு நிறுத்தினார். மருந்துப் பெட்டி வர மத்தியானம் ஆகிவிட்டது. அந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் கோழிகள் கூண்டிலேயே வாயைப் பிளந்துகொண்டு செத்தன. "நான் வெயில்லயா நிறுத்தச் சொன்னேன்?" என்று மேனேஜர் கேட்டாராம். அன்றே அந்த மனிதரின் வேலை போனது. சாயங்காலமே சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் காலி செய்த வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம்.

இந்தச் சித்திரையில் எனக்கும் அப்படி ஒரு உத்தரவு வந்தது. காலை முட்டை எடுத்து முடிக்கும் நேரம், வாட்ஸப்பில் மேனேஜரின் குரல். பின்னால் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம். "அம்மணி, பக்கத்துப் பண்ணைல வெள்ளக் கழிச்சல் நோய் வந்திருச்சாமா. நாளைக்கு வேக்சின் போட்டுருங்க. மருந்துப் பெட்டி இன்னிக்கு மத்தியானத்துக்கு வந்துரும். பாத்துப் பண்ணுங்க."

அவ்வளவுதான். மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

கொடுக்கத் தெரியாமல் இல்லை. எனக்கு இடித்தது வேறு. இரண்டு ஷெட்டுக்குமா, ஒன்றுக்கா? இரண்டாவது ஷெட்டில் முந்தின நாளிலிருந்து சில கோழிகள் கொரகொரவென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ஏற்கெனவே சுகமில்லாத கோழிக்கு உயிருள்ள வேக்சினைக் கொடுத்தால் கூடுதலாகப் படுத்துக்கொள்ளும். டாக்டர் பார்க்காமல் அதைத் தொடக் கூடாது. அடுத்தது தண்ணீர். அன்று காலைதான் வழக்கம் போலத் தொட்டியில் குளோரின் கலந்திருந்தேன். குளோரின் தண்ணீரில் வேக்சினைக் கலந்தால் வேக்சினில் உயிரோடு இருக்க வேண்டிய கிருமி செத்துப்போகும். கோழி குடிப்பது வெறும் தண்ணீர்தான். வேக்சின் போட்டாயிற்று என்று நாம் நிம்மதியாக இருப்போம், பக்கத்துப் பண்ணை நோய் நேராக உள்ளே வரும். குளோரினை ஒரு முழு நாளாவது முன்பே நிறுத்தி, குழாயைக் கழுவி விட்டிருக்க வேண்டும். நாளைக்கே என்றால் அதற்கு எங்கே நேரம்?

சொன்னபடி செய்தால் கோழி போகும். செய்யாமல் இருந்து நோய் வந்தாலும் கோழி போகும். இரண்டிலும் கூடவே நானும் போவேன். வீட்டுக்குப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேட்டுப்போடு" என்றார். "கேட்டாக் கோவிச்சுக்குவாருங்க" என்றேன். "கோவிச்சா என்ன, கடிச்சா திங்கப் போறாரு?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பி, வாசலில் நின்றுகொண்டே மேனேஜருக்குப் போனில் தட்டினேன். நான்கு தடவை அழித்து எழுதினேன். கேள்வியாக மட்டும் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதனால் எனக்குப் புரிந்ததை முதலில் வைத்தேன்.

"சார், நீங்க சொன்னதை நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்: பக்கத்துல நோய் இருக்கறதால நம்ம கோழிக்குத் தண்ணீர்ல வேக்சின் குடுக்கணும். விடியறதுக்குள்ள ஒரு மணி நேரம் மட்டும் தண்ணியை நிறுத்தி, வெயில் ஏறுமுன்ன குடிச்சு முடிக்க வைக்கிறேன். மருந்துப் பெட்டி வந்ததும் ஃபிரிட்ஜ்ல வைக்கிறேன். இது சரிங்களா? மூணு விஷயம் எனக்குத் தெளிவில்லை. ஒண்ணு, ரெண்டு ஷெட்டுக்குமா, முதல் ஷெட்டுக்கு மட்டுமா? ரெண்டாவதுல மூச்சு இரைக்குது, டாக்டர் பாக்கலை. ரெண்டு, இன்னிக்குக் காலைல குளோரின் போட்டாச்சு. இப்பவே நிறுத்தினா நாளன்னிக்குக் குடுக்கலாம். நாளைக்கேதான் வேணுமுன்னா குளோரின் இல்லாத தண்ணிக்கு என்ன பண்றது? மூணு, டாக்டரைக் கூப்பிட நான் பேசட்டுமா, நீங்க பேசறீங்களா? உங்க பதில் வர்ற வரைக்கும் குளோரினை மட்டும் நிறுத்தி வைக்கிறேன்."

அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

மத்தியானம் மருந்துப் பெட்டி வந்தது, ஃபிரிட்ஜில் வைத்தேன். ஷெட் கூரை மேல் தண்ணீர் தெளிக்க விட்டேன். போனைப் பார்த்தேன். இரண்டாவது ஷெட்டுக்குள் போய்க் காதைக் கொடுத்தேன், கொரகொரப்பு கூடியிருந்தது. திரும்பவும் போனைப் பார்த்தேன். பழைய சூப்பர்வைசரின் டெம்போ போன தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களா, ஒரு வருஷத்தில் எந்தத் தடம் மிஞ்சியிருக்கும்?

வெயில் தாழ்ந்ததும் போன் அடித்தேன்.

"என்னம்மணி, எழுத்துல வாங்கி என்னய மாட்டி உடப் பாக்கறயா?" எடுத்ததுமே இதுதான்.

குரல் இறங்காமல் பேசினேன். "மாட்டி உடறதுக்கு இல்லீங்க சார். நான் தப்பாப் புரிஞ்சிருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க, திருத்திக்கறேன். ரெண்டு ஷெட்டுங்களா, ஒண்ணுங்களா? அதொண்ண மட்டுமாச்சும் சொல்லுங்க."

கட் ஆகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு அவர் குரல் வந்தது. நான் அதுவரை கேட்காத குரல்.

"எனக்குத் தெரியாது அம்மணி. முதலாளி 'போட்டுருங்க'ன்னாரு. வெச்சுட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் இந்த மனிதர் எல்லாம் தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறார் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் போலவே காதில் விழுந்த அரை வார்த்தையை வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"கேளுங்க சார்."

"கேட்டா, இத்தன வருசம் என்னத்தக் கிழிச்சேன்னு கேப்பாரு. உனக்குத் தெரியாது அவரை."

கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. நேரமோ போய்க்கொண்டிருந்தது. "என்ற பேரைச் சொல்லிக் கேளுங்க சார்" என்றேன். "அந்தப் பண்ணைப் பொம்பளைக்குப் புரியலையாமா, நொய்யி நொய்யின்னு கேட்டுக்கிட்டே இருக்குதுன்னு சொல்லுங்க. நான் அனுப்பின மூணையும் அப்பிடியே படிச்சுக் காட்டுங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.

விளக்குப் போடுகிற நேரத்தில் பதில் வந்தது. என் செய்தியையே திருப்பி எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருந்தார். முதல் ஷெட்டுக்கு மட்டும். குளோரின் வேண்டாம், நாளை மறுநாள் காலை வேக்சின் கொடுக்கவும், கொடுத்த மறுநாளும் குளோரின் போட வேண்டாம். இரண்டாவது ஷெட்டுக்கு நாளை டாக்டர் வருகிறார், அவர் சொல்லும் வரை வேக்சின் கூடாது. மேனேஜரிடமிருந்து இப்படி ஒரு செய்தி வந்து நான் பார்த்ததே இல்லை. கணவரிடம் காட்டிவிட்டு அழுதேன்.

அப்படியே நடந்தது. டாக்டர் இரண்டாவது ஷெட்டுக்கு வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். வேக்சின் அங்கே போயிருந்தால் ஷெட்டே படுத்திருக்கும் என்றார். முதல் ஷெட்டில் வெயில் ஏறுவதற்குள் கோழிகள் குடித்து முடித்தன. இரண்டு ஷெட்டும் தப்பித்தன. நானும் தப்பித்துவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த வாரம் முதலாளி காரில் வந்து இறங்கினார். மேனேஜர் அவருக்குப் பின்னால். முதலாளி ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"நீங்கதானா அந்தப் புரியாத பொம்பளை?"

மேனேஜரைப் பார்த்தேன். அவர் தீவன மூட்டைகளை எண்ணுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க" என்றேன்.

முதலாளி காரில் ஏறும்போது மேனேஜரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "புரியறவங்களாப் பாத்து வெச்சுக்குங்க."

கார் போய்விட்டது. வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மேனேஜருக்குத் தட்டினேன். வேறு என்ன செய்வது, எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"சார், முதலாளி சொன்னதை நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்: என்னை நிறுத்திட்டு வேற ஆள் போடச் சொல்றாரு. சரிங்களா? தெளிவில்லாதது: என்னிக்கிலிருந்து? வீட்டை எப்ப காலி பண்ணணும்? அன்னிக்குப் புரியாதது யாருக்குன்னு அவருகிட்டச் சொல்லுவீங்களா?"

நீலக் கோடு விழுந்தது. 'டைப் செய்கிறார்' என்று வந்தது, போனது, மறுபடி வந்தது. உள்ளே கணவர் ரேடியோவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் வந்தது. "பாத்துக்கலாம் அம்மணி."

எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது? வழக்கமாக இருந்தால் அங்கேயே திருப்பிக் கேட்டிருப்பேன். கட்டைவிரல் எழுத்துகளின் மேல் நின்றது. யாரை நிறுத்துவது, எந்த நாளில் என்று முதலாளி மேனேஜரிடம் சொல்லவில்லை. மேனேஜரும் கேட்டிருக்க மாட்டார். யாரும் கேட்காத வரைக்கும் நான் இங்கே இருக்கலாம்.

போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் விடிவதற்கு முன்னால் எழுந்து ஷெட்டுக்குப் போனேன். இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். அது ஒன்றை மட்டும் நான் இதுவரை கேட்கவில்லை.