எழுபதாவது மணி நேரம்

எங்கள் சைதாப்பேட்டை பிரசவ விடுதியில் ஆயா தங்கபுஷ்பம் அக்கா, வீட்டுக்குக் கிளம்பும் தாயின் பையை, ஃபைலில் ரத்த வகையைப் பார்த்த பிறகே தூக்குவார்.

தாரணிக்குப் பிரசவமான மூன்றாம் நாள் காலை, ராகு காலத்துக்கு முன் போகவேண்டும் என்று அவள் மாமியார் ஆட்டோவை வரவழைத்துவிட்டார்.

"இன்னாம்மா, தாரணி ரத்தம் நெகட்டிவ். ஊசி போட்டாங்களா?" என்று கேட்டார் அக்கா.

"கொழந்த ரிப்போர்ட் இன்னும் வரலியே. அப்பால பாத்துக்கலாம்" என்றார் மாமியார்.

அக்கா தேடினார். தொப்புள்கொடி ரத்தத்தின் முடிவு நேற்றே வந்து பக்கத்துக் கட்டிலின் ஃபைலில் கிடந்தது. குழந்தை பாசிட்டிவ். தாயின் ரத்தத்தில் அதை எதிர்க்கும் எதிர்ப்பொருள் இன்னும் இல்லை. பில் எழுதிக்கொண்டிருந்த நான் நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். பிரசவமாகி எழுபது மணி நேரம் ஆகியிருந்தது.

தாயின் ரத்தத்தில் கலந்த குழந்தையின் ரத்த அணுக்களை, அவள் உடல் எதிர்க்கப் பழகுமுன் ஆன்டி-டி ஊசி அழித்துவிடும். அதை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போடவேண்டும். தவறினால், உருவாகும் எதிர்ப்பொருளால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து. டாக்டர் சொல்ல, நர்ஸ் உடனே போட்டார்.

இப்போது தாரணிக்கு மறுபடி ஐந்து மாதம். அவள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை என்கிறது, அதைக் கண்டறியும் கூம்ப்ஸ் சோதனை.