லூசியாவின் முக்கால் இஞ்சு

மேல்வீட்டில் குழாய் ஒட்டுகிறார்கள். அந்தப் பசைக்கென்று ஒரு நெடி உண்டு. அழுகத் தொடங்கிய பழத்தின் தித்திப்பும் நகப்பூச்சின் காரமும் கலந்தது. அது மாடிப்படி வழியே இறங்கி வந்து, பிழை திருத்துவதற்காக நான் பரப்பி வைத்திருந்த தாள்களின்மேல் அழைக்காத விருந்தாளியாய் அமர்ந்துகொண்டது. அதன்பின் எழுத்துப் பிழைகள் என் கண்ணில் படவில்லை. லூசியாதான் நின்றாள், கையில் வெர்னியர் அளவுகோலோடு.

நண்பரே, முதுகலைத் தமிழ் படித்துவிட்டு ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பணியாளர் பிரிவு உதவியாளராகச் சேர்ந்த ஒருத்தியின் செருக்கை நீங்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டும். எழுவாயில் தொடங்கிய வாக்கியத்தைப் பயனிலை வரை கொண்டு சேர்க்கத் தெரிந்தவர் அந்த வளாகத்திலேயே நான் ஒருத்திதான் என்று நம்பியிருந்தேன். மற்றவர்கள் பேசியதெல்லாம் ‘ஷிஃப்ட்டு’, ‘ரிஜெக்ஷன்’, ‘டிஸ்பாட்ச்சு’. அவற்றைக் கேட்கும்போதெல்லாம் என் உதடு ஒரு பக்கமாகக் கோணும். அந்தக் கோணலை அறிவின் அடையாளம் என்று அன்று நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்டவளிடம்தான் பிரேசில் நாட்டுக்காரியை ஒப்படைத்தார்கள். லூசியா தர ஆய்வாளர். எங்கள் சுழல்தண்டுகளை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை அளந்து, ‘ஆகாது’ என்று பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்புவாள். பெங்களூரு விருந்தினர் விடுதியில் தங்குங்கள் என்று மேலாளர் கெஞ்சியும் கேளாமல், ஓசூரிலேயே சின்னசாமி என்பவருடைய வீட்டின் மாடியைப் பிடித்துக் குடியேறினாள். வந்து ஒரு மாதமும் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளியலறைக் குழாய் உடைந்தது; மொழிபெயர்க்க என்னை அழைத்தாள்.

உடைந்ததற்குக் காரணம் அற்பமானது. சுவரோடு குழாயைப் பிடித்திருந்த கவ்விகளின் திருகாணிகள் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. பிடிமானம் இழந்த குழாய் ஆடி ஆடி, அது வளைந்து திரும்புகிற இடத்திலிருந்த எல்போ விரிசல் கண்டது. நீர் கீழே சின்னசாமியின் அறைக்குள் இறங்கியது. அந்த அறையில் அவர் அடுக்கி வைத்திருந்தது கேழ்வரகு மூட்டைகள்.

சின்னசாமி மாடிக்கு வந்து, லூசியா அறுத்தெடுத்திருந்த உடைந்த எல்போவைக் காலால் எற்றினார். அது படிக்கட்டில் துள்ளிச் சாக்கடையில் விழுந்தது.

“சாயந்தரம் ஆறு மணிக்கு நானே மொட்டமாடி வால்வத் தொறப்பேன். ஒரு சொட்டு என் ராயி மூட்டமேல வுழுந்துச்சின்னா, இந்தம்மா சாமான எறக்கிக்கட்டும். சொல்லிருமா உங்க கம்பெனிக்காரிக்கு.”

சொன்னேன். வீடு போனால் பெங்களூரு விடுதிதான் என்று லூசியாவுக்குத் தெரியும். தனியாக வாழத் தெரியாதவள் என்று மேலாளர் முதல் நாளே சொன்னதை அவள் மறக்கவில்லை. பையில் வெர்னியரை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. இரும்புக் கடைக்குப் போகிற எவரும் அளவு சொல்லிப் பொருள் கேட்பதில்லை, பழைய துண்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டுவதுதான் வழக்கம் என்பது எனக்குச் சிறுவயது முதலே தெரியும். அந்தத் துண்டு சாக்கடையில் கிடப்பதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சாக்கடையில் கை விடுவதற்கா இலக்கணம் படித்தோம் என்று தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

திம்மராயப்பாவின் இரும்புக் கடை உள்ளே போகப் போக இருண்டுகொண்டே போகும் நீளமான கடை. எண்ணெய், துரு, சணல் மணக்கும். அவரோ தம் கடையில் இல்லாத பொருள் உலகத்திலேயே இல்லை என்று தீர்மானித்தவர். லூசியா இருபத்திரண்டு மில்லிமீட்டர் எல்போ கேட்டாள். அவள் நாட்டில் அந்தக் குழாயை வெளிவிட்டத்தின் பெயராலேயே அழைப்பார்களாம். இருபத்திரண்டு என்றால் அளந்தாலும் இருபத்திரண்டு. இத்தகைய நேர்மை வணிகத்துக்கு எவ்வளவு இடையூறு என்பதை அவள் அறியவில்லை.

“பழைய பீஸ் எங்கம்மா?” என்றார் திம்மராயப்பா.

“தொலைந்துவிட்டது” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த வாடிக்கையாளரிடம் கன்னடத்தில், “ஈ யம்மா பைப்பு கேளுத்தாளோ, ஜாதக கேளுத்தாளோ?” என்று, அதாவது இவள் கேட்பது குழாயா, ஜாதகமா என்று, விசாரித்தார். அந்த மனிதர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைப்பானேன்.

“பாத்ரூம்னா அரை இஞ்சுதாம்மா. கண்ண மூடிக்கினு வாங்கினு போ” என்று ஒரு வெள்ளை எல்போவை எடுத்து வைத்தார்.

கவ்விக்குத் திருகாணியும் வேண்டியிருந்தது. நான்கு மில்லிமீட்டர் என்றாள் லூசியா. “எட்டாம் நம்பர், ஒன்றரை இஞ்சு” என்று ஒரு பிடி அள்ளிப் போட்டார். எட்டு என்றால் பெரியதாயிற்றே என்று திடுக்கிட்டு அவள் வெர்னியரை வைத்தாள். நான்கு புள்ளி இரண்டு. எட்டு என்ற எண் எதையுமே அளக்கவில்லை. வரிசையில் அதற்குக் கிடைத்த இடம், அவ்வளவுதான். அலுவலகத்தில் பலருக்கு வாய்த்த பதவிப் பெயர்களைப் போல என்று நான் எண்ணிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால், அரை இஞ்சு எல்போவுக்குள் குழாய் நுழையவே இல்லை. குழாய் இருபத்திரண்டு புள்ளி இரண்டு. எல்போவின் வாய் இருபத்தொன்றரைகூட இல்லை. மறுபடியும் கடை.

“நெருப்புல லேசா காட்டுங்க, வாய் வுட்டுரும்” என்றார் அந்த மேதை.

லூசியாவுக்கு மொழிபெயர்த்தேன். பழுதான சுழல்தண்டைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள். பிறகு முக்கால் இஞ்சு வெள்ளை எல்போவைக் கேட்டு வாங்கினாள். அதற்குள் குழாயைச் செருகினால், கிணற்றில் விட்ட குச்சிபோல் ஆடியது. நாலரை மில்லிமீட்டர் இடைவெளி. மூன்றாம் முறை போனோம்.

“டெஃப்லான் டேப்ப நல்லா தடியா சுத்தி உள்ள வுடும்மா, நின்னுக்கும்.”

டெஃப்லான் நாடா திருகு மரையுள்ள இணைப்புக்கு உரியது. ஒட்டுகிற குழாயில் அதைச் சுற்றினால் பசை குழாயைத் தொடவே வழியில்லை. இது லூசியா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முப்பது ஆண்டு கடை வைத்திருந்த அவருக்கு யார் சொல்வது?

“ரெண்டுக்கும் நடுவுல சைஸே கெடையாதும்மா. ஆண்டவனே பண்ணல” என்று முடித்துக்கொண்டார். சுவர்க் கடிகாரம் மூன்றரை காட்டியது.

லூசியா அப்போது செய்ததை இன்றும் அப்படியே பார்க்கிறேன். கடையின் மேசைப் பலகையைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். என் பக்கம் திரும்பி, இவர் இஞ்சுக் கணக்கில் விற்கும் எல்லாக் குழாயிலும் ஒவ்வொரு துண்டு வேண்டும் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

“எதுக்கு, காட்சிக்கு வைக்கவா?” என்று முனகியபடி அவர் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினார்.

ஒவ்வொன்றாக அளந்து, கடையின் மரத்தூணில் பென்சிலால் எழுதினாள். வெள்ளை அரை இஞ்சு, இருபத்தொன்று புள்ளி மூன்று. இரும்பு அரை இஞ்சும் ஏறக்குறைய அதே. வெள்ளை முக்கால், இருபத்தாறு புள்ளி ஏழு. பிறகு வெந்நீருக்கென்று விற்கும் பாலேட்டு நிறக் குழாய்கள். அதில் அரை இஞ்சு என்பது பதினைந்து புள்ளி ஒன்பது. அதில் முக்கால் என்பது…

வெர்னியரை என்னிடம் திருப்பிக் காட்டினாள். இருபத்திரண்டு புள்ளி இரண்டு.

விஷயம் இவ்வளவுதான், நண்பரே. வெள்ளைக் குழாய் பழைய இரும்புக் குழாயின் வெளிவிட்டத்தை வாங்கிக்கொண்டது. பாலேட்டுக் குழாய் செப்புக் குழாயின் விட்டத்தை வாங்கிக்கொண்டது. இரண்டும் ‘அரை’, ‘முக்கால்’ என்று ஒரே பெயர்களைச் சூடிக்கொண்டு ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. எதை அளந்தாலும் பெயர் பொய். நம் தச்சர்கள் இஞ்சை எட்டு நூலாகப் பிரிப்பார்கள் அல்லவா? முக்கால் என்பது ஆறு நூல். அந்தக் குழாயின் உடம்போ சரியாக ஏழு நூல். லூசியாவின் குளியலறையில் இருந்தது அதுதான். சுவருக்கு வெள்ளையடித்தபோது சின்னசாமி குழாய்க்கும் சேர்த்து அடித்து, நிறத்தையும் மேலிருந்த அச்செழுத்தையும் மறைத்துவிட்டார்.

“அட, வெந்நீர் சிபிவிசி பைப்பா? மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்றார் திம்மராயப்பா, பிழை எங்களுடையது என்பதுபோல.

முக்கால் இஞ்சு பாலேட்டு எல்போ ஒன்று, துண்டுகளை இணைக்கக் கப்ளர் இரண்டு, ஓரடிக் குழாய், அதற்குரிய மஞ்சள் பசை டப்பா. வீடு வந்து சேர்ந்தபோது நாலரை. லூசியா வெள்ளைச் சுண்ணத்தைச் சுரண்டினாள். முனைகளின் பிசிறைக் கத்தியால் வழித்தாள். குழாயின் வெளியிலும் எல்போவின் உள்ளிலும் பசை தடவி, செருகி, கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அசையாமல் அழுத்திப் பிடித்தாள். ஆறு மூட்டுகளுக்கும் அப்படியே. பிறகு அந்த எட்டாம் நம்பர் திருகாணிகளால் கவ்விகளைச் சுவரோடு இறுக்கினாள். முடித்தபோது ஐந்தேகால். பசை இறுக இரண்டு மணி நேரம் என்று டப்பாவில் எழுதியிருந்தது.

ஆறு மணிக்குச் சின்னசாமி மொட்டைமாடிக்கு ஏறினார். லூசியா வால்வின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“நவுரச் சொல்லுமா.”

அன்று முழுவதும் நான் பிறருடைய சொற்களை இடம் மாற்றி வைத்ததைத் தவிர ஒன்றும் செய்திருக்கவில்லை. சாக்கடையில் கிடந்த துண்டைக் காலையிலேயே எடுத்திருந்தால் முதல் நடையிலேயே வேலை முடிந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

“ஏழே கால் வரைக்கும் தொறக்கக் கூடாதுங்க” என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

“எவ சொன்னா?”

“நான் சொல்றேன்.” அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். சிமெண்டுத் தரை இன்னும் சுட்டது.

எங்கள் இருவரையும் தாண்டிப் போக அவருக்குக் கூச்சம். தொட்டியைச் சுற்றி நடந்தார், கம்பெனிகளைத் திட்டினார், ஊர் கெட்டதைச் சொன்னார், பீடி பற்றவைத்தார். ஏழே காலுக்கு லூசியா தானே எழுந்து வால்வைத் திறந்தாள்.

கீழே போய்ப் பார்த்தோம். சின்னசாமி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். நீண்ட நேரம் தடவினார், ஈரம் கிடைக்காதா என்ற ஆசையோடு. கிடைக்கவில்லை. முக்காலியிலிருந்து இறங்காமலே சொன்னார்: “சமையல்கட்டுல எங்க குழாயும் ஒழுவுது. நாளைக்கு வந்து பாக்கச் சொல்லு.”

லூசியா இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டு ஊர் திரும்பினாள். தூணில் இருந்த பட்டியலைத் திம்மராயப்பா வெகுநாள் தம் சொந்த ஞானமாகவே காட்டி வியாபாரம் செய்தார். இப்போது அந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட புதுக் குழாய்க் கடை. தூணும் இல்லை, அவரும் இல்லை. பையன்கள் கைப்பேசியில் படம் பார்த்துத் தவறான குழாயைக் கொடுக்கிறார்கள்.

சின்னசாமியின் வீட்டையும் போன மாதம் இடித்தார்கள். வேலைக்குப் போகும் வழியில் நின்றேன். சுவர்கள் போய்விட்டிருந்தன. செங்கல் குவியலிலிருந்து ஒரு பாலேட்டு நிறக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது, ஒரு முனையில் எல்போவோடு. பழைய சாமான் எடுப்பவர் ஒருவர் அதைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார்.

“அரை இஞ்சுதான், என்ன தட்டினாலும் வுடமாட்டேங்குதும்மா” என்றார், நான் பார்ப்பதைப் பார்த்து.

அரை இஞ்சு இல்லை என்று நான் சொல்லவில்லை. பேருந்து வந்தது. ஏறிக்கொண்டேன்.