வினிபிரட் மிஸி பிடிக்கச் சொன்ன கை

எழுந்து நின்றால் ஏறுகிற இரத்த அழுத்தத்தை யாழ்ப்பாணத்தில் முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான். உலக வைத்தியர்கள் எல்லோரும் ஒருநாள் வட்டுக்கோட்டைக்கு வந்து என் காலில் விழுவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அளந்தது வினிபிரட் மிஸி என்பதும்.

மிஸி முப்பது வருடம் மிஷன் ஆசுபத்திரியில் தாதியாக நின்றவர். ஓய்வுபெற்ற பிறகும் நிற்கிறார். எந்த வீட்டிலும் கதிரையில் இருக்கமாட்டார். பிறசர் பார்க்கும் பெட்டியைத் துவாயில் சுற்றிச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு, மேலே ஆமி ஹெலிகொப்டர் சுற்றினாலும் வருவார். அந்தச் சைக்கிளின் மணியை நான் இரண்டு தரம் கழற்றியிருக்கிறேன். இரண்டு தரமும் ஏச்சில்லை. வீட்டுக்கு வந்து, "தா" என்று கையை நீட்டினார்.

தொண்ணூற்றிரண்டு ஆவணியில் அப்பா எழும்பும்போதெல்லாம் சுவரைப் பிடிக்கத் தொடங்கினார். இராசசிங்கம் அச்சகத்தில் அப்பா நின்றபடி எழுத்துக் கோர்ப்பவர். நிற்க முடியாவிட்டால் வேலை போய்விடும். நல்லூரில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் அளக்காமலே, "எழும்பேக்கை பிறசர் விழுது. உப்பைக் கூட்டுங்கோ" என்றார். அப்பா சிரித்துவிட்டு மறந்தார். எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அவர் எழும்பும்போதெல்லாம் நானும் எழும்பினேன், விழுந்தால் பார்த்துச் சிரிக்கலாமே என்று.

இரண்டு கிழமையாகியும் தலைச்சுற்று நிற்கவில்லை. மிஸியைக் கூட்டிவந்தேன்.

அப்பாவை ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்தார். நூற்றுமுப்பத்திரண்டுக்கு எண்பது.

"இப்ப எழும்பி நில்லும். டேய், கொப்பற்றை கையை நெஞ்சுக்கு நேராய்ப் பிடி. தொங்கவிட்டால் பொய்யாய்க் கூட்டிக் காட்டும்."

அப்பாவின் கையைப் பிடித்தேன். மற்றக் கையாலும் தாங்கிக்கொண்டேன், வெளியே சொல்லக்கூடாது.

ஒரு நிமிடத்தில் நூற்றைம்பத்தெட்டு. மூன்றாம் நிமிடம் நூற்றறுபத்திரண்டுக்குத் தொண்ணூற்றாறு. மிஸி மறுபடி படுக்கவைத்தார், மறுபடி நிறுத்தினார். மறுபடியும் ஏறியது.

"விழவேணுமெல்லே, மிஸி?" என்றேன்.

"கனபேருக்கு விழும். நிண்டவுடனை இரத்தம் காலுக்கு இறங்கும். அதை மேலை தள்ள நரம்புகள் குழாயளை இறுக்கவேணும். இறுக்கம் காணாட்டி விழும். கொப்பருக்கு அளவுக்கு மிஞ்சி இறுக்குது, அதாலை ஏறுது. தலைச்சுத்து ரெண்டுக்கும் வரலாம், அளக்காமல் தெரியாது." அப்பாவிடம் திரும்பினார். "நாளைக்கு டொக்டரிட்டைப் போம். மருந்து அவர் சொல்லட்டும். உப்பை மட்டும் குறைச்சுக்கொள்ளும், கூட்டுறது விழுகிற ஆக்களுக்குத்தான் உதவும்."

"நான் கூட்டேல்லையே, மிஸி. ரெண்டு கிழமையாய்க் கஞ்சிதான் கடல்தண்ணி மாதிரிக் கிடக்கு. உவன்ரை சேட்டையெண்டு பேசாமல் குடிச்சனான்."

நான் கூரையைப் பார்த்தேன். மிஸி என்னைப் பார்த்தார், அப்பாவின் கையை இன்னும் விடாமல் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார், பிறகு உப்புப் பொட்டலத்தால் உப்பியிருந்த என் காற்சட்டைப் பையைப் பார்த்தார்.

"தா" என்று கையை நீட்டினார்.