ரூட் பெயரில் இருந்த பதினொரு ஃபோல்டர்கள்

திருவொற்றியூரில் அந்த கன்டெய்னர் யார்டில் யாரும் யாரையும் முழுசாக நம்புவதில்லை. பெட்டியின் சீல் உடைந்திருந்தால் டிரைவர் மேல் கண் போகும். டிரைவர் சத்தம் போட்டால் கேட்டில் நிற்பவர் மேல் போகும். அங்கே ஆறு வருஷம் கேட்டில் பெட்டி எண் பதிந்தவள் பவானி. சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து எர்ணாவூர் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட மீனவக் குடும்பம். அதில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் கேட்டில் நின்று தூசி தின்கிறாளே என்று அக்கம்பக்கத்தார் கேட்டபோதெல்லாம், "என் சீட்டு உள்ளதான் கீது, இன்னும் காலியாவல" என்பாள்.

போன மாதம் காலியானது. சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்த ஷிபின், சாலைக்கு எதிர்ப்பக்கத்து யார்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கன்னியாகுமரிப் பக்கத்துப் பையன், அதிகம் பேசமாட்டான். யார்டு முதலாளி வெள்ளத்துரைக்குச் சந்தேகப்பட அதுவே போதுமானதாக இருந்தது.

"எதிர்க்க போயிருக்கான்னா சும்மா போகமாட்டான் பாத்துக்கோ. எதையாவது கையில வச்சுக்கிட்டுதான் போயிருப்பான். ஒவ்வொண்ணா நோண்டிப் பாரும்மா" என்றார் அவர், சாவிக்கொத்தை அவள் கையில் வைத்தபடி.

பவானியும் நோண்டினாள். கப்பல் ஏஜென்டுகள் தினமும் காலையில், எந்தப் பெட்டியை யாருக்கு விடலாம் என்ற பட்டியலை எஸ்எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் வழியில் யார்டு சர்வரில் போடுவார்கள். ஏஜென்டுக்கு ஒன்று என்று பதினொரு ஃபோல்டர்கள். ஒருவர் உள்ளே வந்தால் அவருடைய ஃபோல்டருக்குள்ளேயே அடைபட்டிருப்பார். சர்வரில் மற்றதெதுவும் அவர் கண்ணில் படாது. ஷிபின் அதை 'ஜெயில்' என்பான். பட்டியலைப் போடுவதற்கு மட்டும் அதனுள்ளே இன்னொரு சின்ன ஃபோல்டர்.

சனிக்கிழமை சாயங்காலம் பவானி கவனித்தது இது: பதினொன்றும் ஏஜென்டுகள் பெயரில் இல்லை. எல்லாமே ரூட் பெயரில் இருந்தன. ரூட் என்றால் சர்வரின் தலைமைப் பயனர். இத்தனை நாள் அந்தக் கடவுச்சொல்லை வைத்திருந்தவன் ஷிபின்.

அவளுக்குச் சுருக்கென்றது. யார்டில் ஒரு பார்ட்டியின் சரக்கு நிற்கும் இடத்தில் அந்தப் பார்ட்டியின் பெயர்ப்பலகைதான் நிற்கவேண்டும். வேறு பெயர் தொங்கினால் அங்கே யாரோ கைவரிசை காட்டுகிறார்கள் என்று அர்த்தம். கேட்டில் இருந்தபோது அப்படி மூன்று தடவை பிடித்துக்கொடுத்திருக்கிறாள். பதினொரு ஃபோல்டரையும் உள்ளே இருப்பதோடு சேர்த்து அந்தந்த ஏஜென்டின் பெயருக்கே மாற்றினாள். அந்தந்த ஏஜென்டின் குழுவில் எல்லாரும் அதில் எழுதலாம், மாற்றலாம் என்றும் திறந்துவிட்டாள். ஷிபினின் கையை வெட்டிவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போனாள்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஒரு ஏஜென்ட் ஆபீஸிலிருந்து மங்கை போனில் வந்தாள்.

"பவானி, பாஸ்வேர்டு எடுத்துக்குது. அடுத்த செகண்டே 'கனெக்‌ஷன் க்ளோஸ்டு'ன்னு தொரத்திடுது. இன்னாடி பண்ணி வச்சிருக்கீங்க?"

அடுத்த கால் மணி நேரத்தில் மீதிப் பத்துப் பேரும் அதையே சொன்னார்கள். தப்பான பாஸ்வேர்டு என்றால் புரியும். சரியென்று கதவைத் திறந்து, உடனே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது யார்? பவானியின் பார்வை தானாக ஜன்னல் வழியே எதிர் யார்டுக்குப் போனது.

பட்டியல் இல்லாமல் கேட் திறக்காது. மெயிலில் வரும் பட்டியலை நம்பிப் பெட்டி விடக்கூடாது என்பது வெள்ளத்துரையின் சட்டம். ஒரு போலி மெயிலுக்கு முன்பு ஒரு பெட்டியைப் பறிகொடுத்தவர் அவர். டிரெய்லர்கள் சாலை வரை நின்றன. முதல் வண்டியின் டிரைவர் ஜாபர் மாடிக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, பொட்டி குடுக்கறியா, இல்ல இங்கியே ரேஷன் கார்டு மாத்திக்கவா?"

"கொஞ்சம் இரு நைனா. யாரோ வேல காட்டிக்கிறாங்க."

"கேட்ல இருந்தப்போ நல்லாத்தான் இருந்தே. மேல ஏத்தினாங்க, ஒரே பேஜாரு."

வெள்ளத்துரை அதற்குள் ஷிபினுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏலே, என்னத்தல வச்சுட்டுப் போயிருக்க?"

"ஒண்ணும் வைக்கல சார். சர்வர்ல லாக்கு இருக்கு, நடக்கதெல்லாம் பதியற ஃபைலு, அதப் பாக்கச் சொல்லுங்க. என்னண்ணு அதுலயே எழுதியிருக்கும்."

"எனக்கே பாடம் எடுக்கியா? ஒரு மணி நேரம் தாரேன். சரியாவலைன்னா உன் புது முதலாளிட்ட நானே பேசுதேன். திருட்டுப்பயலை வேலைக்கு வச்சிருக்கீருன்னு சொல்லிட்டு, நேரா போலீசு."

"வீட்ல இப்பத்தான் கொழந்த பொறந்திருக்கு சார்" என்றான் ஷிபின். வெள்ளத்துரை போனை வைத்துவிட்டார்.

லாக்கைப் பார் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்கிறானே, அதில்தான் ஏதாவது புதைத்து வைத்திருப்பானோ? அந்தச் சந்தேகத்தோடுதான் பவானி லாக்கைத் திறந்தாள். மங்கையின் பாஸ்வேர்டு ஏற்கப்பட்டதாக ஒரு வரி. அடுத்த வரியிலேயே, ஜெயில் டைரக்டரிக்கு உரிமையாளரோ அனுமதியோ சரியில்லை என்று சர்வர் தானே இணைப்பை முறித்திருந்தது. யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை.

நெட்டில் தேடிப் படித்தாள். அடைத்துவைக்கும் ஃபோல்டரும், அதற்கு மேலே உள்ள ஃபோல்டர்கள் எல்லாமும், ரூட்டின் பெயரில்தான் இருக்கவேண்டும். வேறு யாருக்கும் அதில் எழுதும் உரிமை இருக்கக்கூடாது. உள்ளே அடைபட்டவன் பெயரிலேயே சுவரை எழுதிக்கொடுத்தால் அது ஜெயிலே இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்குள் ஆளை அனுமதிக்க சர்வர் மறுத்துவிடும்.

சனிக்கிழமை அவள் செய்தது அதைத்தான்.

மங்கையின் ஃபோல்டரை மட்டும் ரூட் பெயருக்குத் திருப்பினாள். உள்ளே இருந்த சின்ன ஃபோல்டரைத் தொடவில்லை. அது ஏஜென்ட் பெயரில் இருந்தால்தான் பட்டியல் போட முடியும். மங்கையை முயலச் சொன்னாள்.

"அதே கததான்" என்றாள் மங்கை.

பார்த்தாயா, இவன்தான் என்று பவானியின் மனசு உடனே துள்ளியது. அந்தத் துள்ளலைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. லாக்கை மறுபடி படித்தாள். அதே வரி. உரிமையாளரோ அனுமதியோ. குழுவுக்கு எழுதும் உரிமையைத் திறந்துவிட்டதும் அவள் கைதான். அதையும் மூடினாள்.

"ஏறிடுச்சு!" என்று மங்கை கத்தியது ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டது.

மீதிப் பத்தையும் சரிசெய்தபோது மணி பத்தரை. கீழே ஜாபரின் வண்டி உறுமியது.

வெள்ளத்துரை போனும் கையுமாக எட்டிப் பார்த்தார். "புடிச்சிட்டியா? என்ன வச்சிருந்தான்?"

சொல்லாமல் விடலாம். சரியாகிவிட்டது, யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் சொன்ன ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது, இவர் இப்போதே எதிர் யார்டுக்குப் பேசிவிடுவார். அந்த லாக்கிலேயே இன்னும் மேலே போனால் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் பதினொரு ஃபோல்டருக்கும் கொடுத்த கட்டளைகள். ஒவ்வொன்றின் முன்னும் 'பவானி' என்றிருந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, கீழே கையெழுத்துப் போட்டு அவர் மேசையில் வைத்தாள்.

"அவன் ஒண்ணும் வைக்கல சார். அவன் வச்சிருந்ததுதான் கரெக்ட்டு. நான்தான் மாத்திட்டேன்."

அவர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"அவனுக்கு நீ ஏன் இவ்வளவு பரிஞ்சு பேசுதே?"

"பரியல சார். என் பேரு கீது அதுல."

எதிர் யார்டு முதலாளிக்குப் போட எடுத்த போனை அவர் மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு கையை நீட்டினார். பவானி சர்வர் அறைச் சாவியைக் கொடுத்தாள்.

"ஷிபினைக் கூப்பிடு. நீ என்னெல்லாம் மாத்தியிருக்கேன்னு அவன் வந்து பாத்துச் சொல்லட்டும்."

வராந்தாவில் நின்று அவள் போன் செய்தாள். நடந்ததைக் கடைசி வரைக்கும், வெள்ளத்துரை அவனை வரச் சொன்னது உட்பட, சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். ஷிபின் கேட்டது ஒன்றுதான்.

"பேசமாட்டாரில்லியாக்கா, எங்க முதலாளிட்ட?"

"பேசமாட்டாரு. எழுதிக் குடுத்துட்டேன்."

"அது மதி, போதும். நான் அங்க வரமாட்டேன்க்கா. இண்ணைக்கு வந்து தொட்டா, நாளைக்கு எது நிண்ணாலும் எம்பேருதான் வரும்."

சாலைக்கு அப்பால், எதிர் யார்டின் மாடி ஜன்னலில் ஒருவன் காதில் போனோடு நின்றிருந்தான். அது அவன்தானா என்று பவானி உற்றுப் பார்ப்பதற்குள் திரையை இழுத்துவிட்டான்.