மோரில் கரைந்த கோடு

கல்யாணமாகி ஆறு வருஷம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் முதலில் என் மனைவியின் வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகுதான் காபி கேட்பார்கள். அப்படியிருக்க, ஒரு நாள் காலை காபிப்பொடி டப்பாவைத் திறந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏங்க, தள்ளிப்போயிருக்கு" என்றாள். பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன்.

"மார் வலிக்குது. உட்கார்ந்தா தூக்கம் வருது. ஆனா தீட்டு வர்றதுக்கு முன்னாடியும் எனக்கு இப்படித்தான் இருக்கும். கோட்டை கட்டாதீங்க" என்றாள்.

நான் அதற்குள் மாடி எழுப்பி, பெயின்ட்டும் அடித்தாகிவிட்டது.

மண்டி மொஹல்லாவில், என்னைத் தெரியாத மருந்துக்கடையாகப் பார்த்துப் போனேன். கூட்டம் கலையட்டும் என்று இருமல் மருந்தும் ஒரு சீப்பும் வாங்கினேன். பிறகு கர்ப்பம் பார்க்கிற கார்டு இரண்டு கேட்டேன். கடைக்காரர் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஹெண்ட்திகா சார்?" என்றார். மனைவிக்கா என்று கன்னடத்தில் கேட்கிறார். பதற்றத்தில், "இல்ல, எனக்குத்தான்" என்றேன்.

காலை வரை காத்திருக்க என்னால் முடியவில்லை. சாயங்காலமே செம்பு செம்பாக மோர் கொடுத்து அவளைக் குளியலறைக்கு அனுப்பினேன். ஒரு கார்டில் சொட்டு விட்டோம். ஒரே ஒரு கோடு. கார்டு சரியாக வேலை செய்கிறது என்று சொல்கிற கோடு அது. நமக்கு வேண்டிய கோடு இல்லை.

அவள் அரிசி களையப் போனாள். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் பார்த்தால், ஜன்னலில் கிடந்த அதே கார்டில் சாம்பல் நிறத்தில் இன்னொரு கோடு! ஓடிப்போய் மைசூர்பாக் வாங்கி வந்தேன். அவள் கார்டோடு வந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சொன்ன நேரத்துக்குள்ள பார்க்கணுமாம். காய்ஞ்சப்புறம் வர்ற கோடு கணக்கில்ல. காலையில முதல்ல போறதுலதான் அந்தக் கர்ப்ப ஹார்மோன் கெட்டியா இருக்கும். நீங்க மோரை ஊத்தி நீர்த்துப்போக வச்சிருக்கீங்க. குழந்தை இருந்திருந்தாலும் நீச்சல் கத்துக்கிட்டிருக்கும்."

"அப்போ இல்லைன்னும் சொல்ல முடியாதா?"

"முடியாது. கரு ஒட்டினப்புறம் அந்த ஹார்மோன் நாளுக்கு நாள் ஏறுமாம். சில நாள் கழிச்சுப் பார்க்கலாம்."

மைசூர்பாக்கைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அந்தச் சில நாளும் அவள் குளியலறையிலிருந்து வரும்போதெல்லாம் முகத்தைப் படித்தேன். தீட்டு வரவில்லை.

பிறகு ஒரு நாள் விடிந்ததும், தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல், இரண்டாவது கார்டு. முதல் கோடு வந்தது. கொஞ்சம் பொறுத்து, அதன் பக்கத்தில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒன்று.

"லேசா இருக்கே?" என்றேன்.

"நேரத்துக்குள்ள வந்துடுச்சு. லேசா இருந்தாலும் கோடு கோடுதான்" என்றவள், என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் தைரியமாக அவளைவிடச் சத்தமாக அழுதேன்.

டாக்டரம்மாவும் சோதித்துவிட்டு ஆமாம் என்றார். மூன்று மாதம் ஆகிறவரை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கல்லாகிப்போன மைசூர்பாக்கை நாங்கள் இருவர் மட்டும் கடித்தோம்.

ஆனால் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சத்து மாத்திரை வாங்க அதே கடைக்குப் போனபோது கடைக்காரர் விடவில்லை.

"ஏன் சார், உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்குப் பாசிட்டிவ்" என்றேன்.