மூன்று மணி நேரம் பிந்திய போத்தல்

மிஷன் பெண்கள் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் நான் நுணுக்குக்காட்டியோடு குந்தியிருந்த காலத்தில், பிள்ளை இல்லை என்று வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் புருஷனைக் கொண்டுவருவதில்லை. மாமியார், தாய், சாத்திரக் குறிப்பு எல்லாம் வரும். அவன் மட்டும் தோட்டத்தில் நிற்பான்.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில், அரிசிக்குக் கூப்பன் வந்த பிறகு, சண்டிலிப்பாயிலிருந்து ஒரு மாமியார் தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கலியாணமாகி ஒரு வருஷமும் நாலு மாதமும். மகன் புகையிலைத் தோட்டக்காரன். மருமகளின் சீதன வீட்டில் இருந்தான். தை பிறந்ததும் அவனை அங்கிருந்து கிளப்பி, வட்டுக்கோட்டைப் பக்கத்தில் பார்த்து வைத்த இன்னொரு பெண்ணைக் கொண்டு சோறு குடுப்பிப்பதாகத் தாய் முடிவுகட்டியிருந்தாள். பதிவு கிடையாது, தாலி கிடையாது. அந்தப் பெண் பரிமாற இவன் சாப்பிட்டால் கலியாணம் முடிந்தது. முதல் மனைவி பழுது என்று எங்கள் டாக்டர் அம்மாவின் வாயால் ஒரு சொல் வந்தால் ஊருக்குப் பதில் சொல்ல வசதி. ஆஸ்பத்திரிக்கு வந்தது அதற்காக.

டாக்டர் அம்மா கேள்விகளை ஒழுங்காகக் கேட்டாள். மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒருக்கால், வலி உண்டா, முன்பு காய்ச்சலோடு அடிவயிறு நொந்ததா, எத்தனை நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு மாமியார் பதில் சொல்லத் தொடங்கினாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு மருமகளைப் பரிசோதித்தார்கள். கையில் அகப்பட்டவரை கர்ப்பப்பையில் குறை இல்லை. இரத்தமும் என்னிடம் வந்தது. அதிலும் ஒன்றுமில்லை.

"இனி மகனைக் கொண்டு வாங்கோ. அவரைச் சோதிக்காமல் இவவுக்கு வேறை ஒண்டும் செய்யமாட்டன்" என்றாள் டாக்டர் அம்மா.

"அவனுக்கு என்ன சோதினை? ஒரு நாளைக்கு ஆயிரம் கண்டுக்குத் தண்ணி இறைக்கிறவன்."

"நான் கேட்கிறது துலா மிதிக்கிற பலத்தை இல்லை அம்மா."

ஆனாலும் அவன் வந்தான். ஆண் டாக்டர் ஒருவர் அவனைப் பரிசோதித்து, கன்னம் வீங்கும் கூகைக்கட்டு வந்து விதை வீங்கியதுண்டா, கெட்ட நோய் ஏதும் பிடித்ததுண்டா என்று விசாரித்து, என்னிடம் அனுப்பினார். நான் ஒரு அகன்ற வாய்ப் போத்தலைக் கொடுத்து விதிகளைச் சொன்னேன். நாலு நாள் விலகியிருக்க வேண்டும். போத்தல் காய்ந்திருக்க வேண்டும், றப்பர் உறை ஆகாது. எடுத்த விந்தை உடம்புச் சூட்டோடு மடியில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். சைக்கிளில் அரை மணித்தியாலப் பாதை. அவன் எல்லாவற்றுக்கும் "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்றான். அவ்வளவு பணிவைக் கண்டபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை போத்தல் வந்தது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். எண்ணிக்கைக்குக் குறைவில்லை, உருவமும் நன்று. ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. தேர் முடிந்த மறுநாள் வீதியில் படுத்துக் கிடக்கும் சனம் போல எல்லாம் கிடந்தன.

"எத்தனை மணிக்கு எடுத்தனீர்?"

"விடியத்தான்."

"விடிஞ்சு கனநேரம்."

பிறகு கதை வந்தது. ஆறரைக்கு எடுத்திருக்கிறான். படலை தாண்டியதும் பக்கத்து வீட்டுக்காரன் "எங்கை போறாய்?" என்று கேட்டுவிட்டான். புறப்படுகிறவனைக் கேட்கக்கூடாத கேள்வி. அதுவும் இந்தப் பயணத்தில் என்ன பதில் சொல்வது? திரும்பிப் போய், இருந்து, தண்ணீர் குடித்து, மறுபடி வெளிக்கிட்டிருக்கிறான். சந்தியில் பூனை குறுக்கே போனது. மறுபடியும் வீடு. அதற்குள் ஏழரை. ராகுகாலம் பிறந்துவிட்டது.

"அப்ப ஒன்பது மணி வரைக்கும் வீட்டிலையோ இருந்தனீர்?"

"நல்ல காரியம் எல்லோ ஐயா."

"போத்தல்?"

"சூட்டுக்குப் பழுதாப் போகுமெண்டு ஈரச்சீலை சுத்தித் தண்ணிப் பானைக்குப் பக்கத்திலை வச்சனான்."

மூன்று மணி நேரம், அதுவும் குளிரில். சகுனத்தை அவன் கவனமாகக் காப்பாற்றியிருந்தான். மற்றது செத்துப்போயிருந்தது.

"இது கணக்கிலை வராது. அஞ்சு நாள் கழிச்சு வாரும். இஞ்சையே ஒரு அறை தாறன், இஞ்சையே எடும். பூனை உள்ளை வராது."

அவன் எழும்பவில்லை. "ஐயா, ஒண்டும் அசையேல்லை எண்டு நீங்கள் கண்டது உண்மைதானே?"

"உண்மை."

"அப்ப அதை அப்பிடியே எழுதித் தாங்கோவன்."

எனக்கு விளங்க இரண்டு நிமிடம் சென்றது. குறை அவனிடம் என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம் இருந்தால் அவளை விட்டுப் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் இப்படியொரு துண்டைக் கேட்டு வந்த ஆம்பிளை என் உத்தியோக காலத்தில் அவன் ஒருவன்தான். ஆனால் பிந்தி வந்த ஒற்றை மாதிரியை வைத்து அறிக்கை எழுதுவது தவறு. முடியாது என்றேன். அவனை அன்று கொஞ்சம் மதித்தேன், அது வேறு விஷயம்.

ஐந்து நாள் கழித்து எடுத்ததைப் பத்து நிமிடத்தில் பார்த்தேன். சந்தைக்கு ஓடும் சனம். புருஷன் பக்கம் வழி திறந்ததும் மருமகளின் முறை வந்தது. மாதவிடாய் முடிந்து சில நாட்களில் அவளுக்குக் காற்றுச் சோதனை. கர்ப்பப்பையின் வாய்வழியாகக் கரியமில வாயுவை மெதுவாகச் செலுத்துவார்கள். கருக்குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றுக்குள் போகும், ஏறிய அழுத்தம் இறங்கும். அடைத்திருந்தால் ஏறிக்கொண்டே போகும், ஓரளவில் நிறுத்திவிட வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் நின்று பாதரசத்தைப் படிப்பது என் வேலை. ஏறியது, நின்றது, இறங்கியது. டாக்டர் அம்மாவுக்குக் காதில் வைத்த குழாயில் குமிழிச் சத்தமும் கேட்டது. மருமகளை எழுப்பி இருத்தியதும் "அம்மா, தோள் நோகுது" என்றாள். வயிற்றுக்குள் போன வாயு மேலேறி தோளில் வலி காட்டும். அந்த வலியைக் கேட்டு டாக்டர் அம்மா சந்தோஷப்பட்டதை மாமியார் பெரிய கொடுமையாக நினைத்தாள்.

இருவருடைய சம்மதத்தோடும் டாக்டர் அம்மா மாமியாருக்குச் சொன்னாள்: "முதற் சோதினையளிலை ரெண்டு பேரிலையும் ஒரு தடையும் தெரியேல்லை. இன்னும் கொஞ்சக் காலம் பாப்பம்."

"அவனிலை பழுதில்லையெண்டால் நல்லதுதான்," என்றாள் மாமியார். "அப்ப மற்றவளுக்குக் கெதியாப் பிறக்கும்."

இதற்கு எங்களிடம் மருந்து இருக்கவில்லை.

தை பிறந்து இரண்டு கிழமையில் மாமியார் தனியே என் ஆய்வுகூட வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"தம்பி, அவன் வட்டுக்கோட்டையிலை போய் என்ன சொன்னவன் தெரியுமோ? பெட்டையின்ரை தேப்பனுக்கு முன்னாலை நிண்டு, ஆசுப்பத்திரியிலை தன்ரை போத்தலைப் பாத்தவை, ஒண்டும் அசையேல்லை எண்டு! அந்த மனிசன் வெத்திலைத் தட்டத்தைத் திருப்பி உள்ளை கொண்டு போட்டுது. சம்மந்தம் வேண்டாமாம்."

சிரிக்காமல் இருப்பதற்காக நான் தகடு ஒன்றைத் துடைத்தேன். அவன் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. இரண்டாவது போத்தலைப் பற்றி யாரும் அவனைக் கேட்கவில்லை.

"நீ ஒரு துண்டு எழுதித் தா தம்பி, அவன் நல்லாயிருக்கிறான் எண்டு. நான் கொண்டுபோய்க் காட்டுறன்."

"ஏலாது அம்மா. நோயாளியின்ரை முடிவை நோயாளிக்கும் டாக்டருக்கும்தான் குடுக்கலாம். அவர் வந்து கேட்டால் தாறன்."

"அவன் எங்கை கேட்கப்போறான்!"

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"நான் அவனைப் பெத்தவள்!"

"அதை ஆரும் மறுக்கேல்லை அம்மா."

அவள் வாசலில் கிடந்த மர வாங்கில் ஒரு மணி நேரம் இருந்து பார்த்தாள். நான் அதற்குள் ஏழு பேரின் மலம் சோதித்தேன். பிறகு சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழும்பி, டாக்டர் அம்மாவின் அறைக்கு வழி கேட்டாள். காட்டினேன். அங்கேயும் இதே பதில்தான் கிடைக்கும் என்பதை நான் சொல்லவில்லை.